புரொப்பெல்லர் எங்கே திணறியது, ஜெட் எங்கே திணறியது

1944 ஜூலை கடைசி வாரம். ஜெர்மனியின் மியூனிக் நகருக்கு மேலே வெகு உயரத்தில் ஒரு பிரிட்டிஷ் மாஸ்கிட்டோ விமானம் படமெடுத்துக்கொண்டிருந்தது. உளவுப் படம் எடுக்கும் அந்த மாஸ்கிட்டோவில் துப்பாக்கி எதுவும் கிடையாது. வேகம்தான் அதற்குக் கவசம். ஜெர்மன் போர் விமானம் எதுவும் மேலே ஏறி வந்து எட்டிப் பிடிப்பதற்குள் அது கிளம்பிப் போய்விடும். அன்றைக்குப் பின்னாலிருந்து ஏதோ ஒன்று நெருங்கி வந்தது. மாஸ்கிட்டோ விமானி முழு வேகம் கொடுத்தார். அப்போதும் அது நெருங்கிக்கொண்டே இருந்தது, பிறகு சுட்டது. அதன் மூக்கில் புரொப்பெல்லர் இல்லை.

நேராகப் பறந்து தப்ப முடியாது என்று தெரிந்ததும் மாஸ்கிட்டோ விமானி சட்டென்று ஒரு பக்கம் திருப்பினார். துரத்தி வந்த விமானம் அந்தத் திருப்பத்தில் கூட வர முடியாமல் தாண்டிப் போனது. பெரிய வட்டமடித்துத் திரும்ப வந்தது. மாஸ்கிட்டோ மறுபடியும் திரும்பியது, அது மறுபடியும் தாண்டிப் போனது. இப்படியே பல முறை. கடைசியில் மாஸ்கிட்டோ ஒரு மேகக் கூட்டத்துக்குள் புகுந்து மறைந்து, இத்தாலியில் ஃபெர்மோ என்ற இடத்தில் போய் இறங்கியது.

துரத்தியது மெசர்ஷ்மிட் 262, சுருக்கமாக மீ 262. சண்டைக்கு வந்த முதல் ஜெட் போர் விமானம் அதுதான். அன்றைய வானத்தில் அதைவிட வேகமான போர் விமானம் கிட்டத்தட்ட இல்லை. இருந்தும், ஆயுதமே இல்லாத, மரத்தால் செய்த ஒரு விமானம் அதனிடமிருந்து தப்பிவிட்டது. ஜெட் வந்தது, வேகம் கூடியது, பழைய விமானங்கள் ஓய்வு பெற்றன என்று ஒரே வரியில் கதையை முடித்துவிடுகிறார்கள். நடுவில் நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி.

அந்தத் திருப்பத்தை முதலில் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். வட்டமடிக்கும் விமானத்தில் விமானி தன் எடையைப் போல நாலு மடங்கு அழுத்தத்தைத் தாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 400 கிலோமீட்டர் வேகத்தில் அந்த வட்டத்தின் ஆரம் ஏறக்குறைய 325 மீட்டர். வேகத்தை இரட்டிப்பாக்கி 800 ஆக்கினால் ஆரம் நாலு மடங்காகி 1,300 மீட்டரைத் தொடும். ஆரம் வேகத்தின் வர்க்கத்தோடு வளர்வதுதான் காரணம். முதல் விமானம் 18 விநாடியில் ஒரு சுற்று முடிக்கும். இரண்டாவதற்கு 37 விநாடி ஆகும். விமானம் எவ்வளவு உறுதியாக இருந்தாலும், விமானியின் உடம்பு தாங்கும் அழுத்தத்துக்கு ஓர் எல்லை உண்டு. அதனால் இந்தக் கணக்கிலிருந்து எந்த என்ஜினும் தப்ப முடியாது. வேகமாகப் போகிறவன் பெரிய வட்டம்தான் போட வேண்டும்.

அப்படியானால் எதற்காக அந்த வேகத்தைத் தேடினார்கள்? புரொப்பெல்லர் விமானங்கள் ஒரு சுவரில் முட்டி நின்றிருந்தன. 1939 ஏப்ரல் 26 அன்று ஃபிரிட்ஸ் வெண்டல் என்ற மெசர்ஷ்மிட் சோதனை விமானி, பந்தயத்துக்கென்றே கட்டிய மீ 209 விமானத்தில் மணிக்கு 755 கிலோமீட்டர் தொட்டார். பிஸ்டன் என்ஜின் விமானங்களுக்கான அந்தச் சாதனையை யாராவது முறியடிக்க 1969 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. முப்பது வருடம். அதுவும் முறியடித்த விமானத்தின் வேகம் 777தான்.

இந்தச் சுவருக்கு இரண்டு காரணங்கள். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தோடு கூடும், அதை வெல்லத் தேவையான திறன் வேகத்தின் கனத்தோடு கூடும். வேகம் இரட்டிப்பாக வேண்டுமானால் எட்டு மடங்கு குதிரைத்திறன் வேண்டும். பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயரையே எடுத்துக்கொள்ளுங்கள். போரின் தொடக்கத்தில் அதன் என்ஜின் சுமார் 1,030 குதிரைத்திறன், வேகம் மணிக்கு 580 கிலோமீட்டர். 1944-இல் வந்த பதினான்காம் வகையில் க்ரிஃபன் என்ஜின் 2,050 குதிரைத்திறன். திறன் இரண்டு மடங்கு ஆகிவிட்டது. வேகம் 720 சொச்சம்தான். இரண்டின் கனமூலம் 1.26. அதை 580-ஆல் பெருக்கினால் 730 வருகிறது. இந்த இரண்டு வகைகளுக்கும் இடையே எத்தனையோ மாற்றங்கள் செய்திருந்தும் கணக்கு அநேகமாக அப்படியே நிற்கிறது. இப்படியே போய் 900-ஐத் தொட வேண்டுமானால் இன்னும் இரண்டு மடங்கு திறன் வேண்டும். அவ்வளவு பெரிய என்ஜினைத் தூக்கிக்கொண்டு போக அதைவிடப் பெரிய விமானம் வேண்டும்.

இரண்டாவது காரணம் புரொப்பெல்லருக்குள்ளேயே இருந்தது. அமெரிக்க மஸ்டாங் விமானத்தின் புரொப்பெல்லர் 3.4 மீட்டர் விட்டம் கொண்டது. என்ஜின் நிமிடத்துக்கு 3,000 முறை சுற்றும்போது, கியர் குறைத்து புரொப்பெல்லர் சுமார் 1,440 முறை சுற்றும். அதன் இதழ் நுனி சுழலும் வேகம் விநாடிக்கு 256 மீட்டர் ஆகிறது. விமானம் முன்னால் போகும் வேகம், மணிக்கு 700 கிலோமீட்டர் என்றால், விநாடிக்கு 194 மீட்டர். இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்தான திசையில் இருப்பதைக் கணக்கில் வைத்துச் சேர்த்துப் பார்த்தால் நுனி காற்றைக் கிழிக்கும் வேகம் 320-ஐத் தாண்டுகிறது. மஸ்டாங் அதிகபட்ச வேகம் காட்டும் உயரத்தில் ஒலியின் வேகமே விநாடிக்கு 310 மீட்டர்தான். விமானம் ஒலிவேகத்தில் மூன்றில் இரண்டு பங்குகூட எட்டவில்லை, புரொப்பெல்லர் நுனி அதற்குள் ஒலியைத் தாண்டிவிட்டது. அந்த வேகத்தில் இதழ்களின் மேல் அதிர்ச்சி அலைகள் உருவாகும். என்ஜின் கொடுக்கும் திறனில் நிறையப் பங்கு சத்தமாகவும் சூடாகவும் போய்விடும்.

இதற்கு ஜெட் என்ஜின் என்ற மாற்று வழி உண்டு என்று இங்கிலாந்தில் ஃபிராங்க் விட்டில் என்ற இளம் விமானப்படை அதிகாரி 1930-இலேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1935-இல் அதைப் புதுப்பிக்க ஐந்து பவுண்டு கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. அரசு கட்ட முன்வரவில்லை, அவரிடமும் காசில்லை, உரிமை காலாவதியானது. பிறகு முதலீட்டாளர்கள் கிடைத்து 1937 ஏப்ரலில் என்ஜினை ஓட்டிக் காட்டினார். ஜெர்மனியில் ஹான்ஸ் ஃபான் ஓஹைன் தனியாக இதே வழியில் வந்துகொண்டிருந்தார். அவருடைய என்ஜினைப் பொருத்திய ஹைன்கெல் விமானம் 1939 ஆகஸ்ட் 27 அன்று, போர் தொடங்க ஐந்து நாள் இருக்கும்போது, பறந்தது. இந்த இருவரில் யார் முந்தியவர் என்ற வழக்கு இன்றும் ஓயவில்லை. நமக்கு இப்போது அது வேண்டாம்.

இனி சொல்லப்போவதுதான் இந்தக் கட்டுரையின் முதுகெலும்பு. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பிஸ்டன் என்ஜின் கொடுப்பது திறன். விமானம் நின்றாலும் பறந்தாலும் 1,500 குதிரைத்திறன் என்றால் 1,500தான். அதைப் புரொப்பெல்லர் இழுவிசையாக மாற்றுகிறது. திறன் மாறாமல் இருந்து வேகம் மட்டும் கூடினால் இழுவிசை குறைந்தே ஆக வேண்டும். மெதுவாகப் போகும்போது புரொப்பெல்லர் நன்றாக இழுக்கும். வேகம் ஏற ஏற அதன் பிடி தளரும். ஜெட் என்ஜின் கொடுப்பது உந்துவிசை. விமானம் 200-இல் போனாலும் 800-இல் போனாலும் அந்த உந்துவிசை பெரிதாக மாறுவதில்லை. ஒரே விசையோடு அதிக வேகத்தில் போகிறது என்றால் அது செய்யும் வேலையும் வேகத்தோடு கூடுகிறது என்று அர்த்தம். ஜெட் விமானத்தின் பலம் அதன் வேகத்திலிருந்தே பிறக்கிறது.

எண்களில் பார்ப்போம். மீ 262-இல் இரண்டு யூமோ 004 என்ஜின்கள். ஒவ்வொன்றும் 900 கிலோ உந்துவிசை. விமானம் மணிக்கு 800 கிலோமீட்டரில் போகும்போது இந்த இரண்டும் சேர்ந்து செய்வது 5,300 குதிரைத்திறனுக்குச் சமம். ஆறரை டன் விமானத்துக்கு, டன்னுக்கு 800 குதிரைத்திறனுக்கு மேல் வருகிறது. அதே விமானம் ஓடுதளத்திலிருந்து எழும்பி மணிக்கு 200 கிலோமீட்டரில் இருக்கும்போது? வெறும் 1,330. டன்னுக்கு 200 சொச்சம். மஸ்டாங் நாலரை டன். புரொப்பெல்லரில் போகும் நஷ்டத்தைக் கழித்துவிட்டால் அதனிடம் டன்னுக்குக் குறைந்தது 270 குதிரைத்திறன் இருக்கும். அதாவது வேகமாகப் பறக்கும்போது மஸ்டாங்கைப் போல மூன்று மடங்கு பலசாலியான ஜெட், கீழே மெதுவாக இருக்கும்போது அதைவிட நோஞ்சான். மீ 262 சண்டை போட்ட விதமும் அதை வீழ்த்திய விதமும் இந்த ஒரு கணக்கிலிருந்தே வருகின்றன.

என்ஜினின் குணமும் இதோடு சேர்ந்துகொண்டது. யூமோ 004-ஐ வடிவமைத்தவர் அன்செல்ம் ஃபிரான்ஸ். முன்னால் காற்றை அமுக்கும் எட்டு அடுக்குக் கம்ப்ரசர், நடுவில் ஆறு எரியறைகள், பின்னால் எரிந்த வாயுவால் சுழலும் ஒரே ஒரு டர்பைன் சக்கரம். டர்பைனின் இதழ்கள் கொதிக்கும் வாயுவில் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான முறை சுழல வேண்டும். அதைத் தாங்கும் உலோகக் கலவைக்கு நிக்கல், கோபால்ட், குரோமியம் எல்லாம் வேண்டும். போர்க்கால ஜெர்மனியில் இவை கைக்கு எட்டாத பொருள்கள். அதனால் எரியறைகளைச் சாதாரண எஃகில் செய்து மேலே அலுமினியம் பூசினார்கள். டர்பைன் இதழ்களைப் பொள்ளலாகச் செய்து உள்ளே காற்றை ஓடவிட்டுக் குளிர வைத்தார்கள்.

இதழ்கள் விரிசல் விட்டு உடைந்துகொண்டே இருந்த ஒரு கட்டத்தில், என்ஜின் சுழலும் வேகத்தோடு இதழின் இயற்கை அதிர்வு ஒத்துப்போகிறதோ என்ற சந்தேகம் வந்தது. அந்த அதிர்வெண்ணைக் கண்டுபிடிக்க, சுருதி ஞானம் உள்ள ஓர் இசைக் கலைஞரை வரவழைத்தார்கள். அவர் வயலின் வில்லால் ஒவ்வோர் இதழையும் மீட்டி, காதால் கேட்டு, அது என்ன சுரம் என்று சொன்னார். சந்தேகம் சரிதான். இதழின் நீளத்தை ஒரு மில்லிமீட்டர் குறைத்து, நுனியை இன்னும் கூராக்கி, என்ஜினின் உச்ச வேகத்தை 9,000 சுற்றிலிருந்து 8,700-க்கு இறக்கிய பிறகுதான் தொல்லை அடங்கியது. போர் விமான வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த சம்பவம் இது.

இவ்வளவு செய்தும் அந்த என்ஜினின் ஆயுள் 10 முதல் 25 மணி நேரம்தான். ஹிட்லர் இதைக் குண்டுவீச்சு விமானமாக மாற்றச் சொல்லி அடம்பிடித்ததால்தான் தாமதமானது என்று சொல்கிறவர்கள் உண்டு. தளபதிகள் போர் முடிந்த பிறகு எழுதிய நினைவுக் குறிப்புகளில் அப்படித்தான் இருக்கும், பழியைப் போட இறந்தவரைவிட வசதியான ஆள் கிடையாது. 1944 நடுப்பகுதிக்கு முன்னால் ஓரளவு நம்பி ஓட்டக்கூடிய என்ஜின்கள் எண்ணிக்கையில் வரவே இல்லை என்பதுதான் எனக்கு முக்கியக் காரணமாகப் படுகிறது.

விமானிகளுக்கு இந்த என்ஜின் வைத்த பெரிய நிபந்தனை, என்ஜினின் விசையைக் கூட்டிக் குறைக்கும் நெம்புகோலான த்ராட்டிலில் இருந்தது. பிஸ்டன் என்ஜினில் த்ராட்டிலை ஒரே தள்ளாகத் தள்ளலாம், என்ஜின் உடனே சீறும். யூமோவில் அப்படிச் செய்தால் எரிபொருள் உடனே கூடிவிடும், ஆனால் கம்ப்ரசர் சுழன்று அதற்கேற்ற காற்றைக் கொடுக்க நேரம் பிடிக்கும். பம்ப் ஸ்டவ்வில் பர்னர் சூடாவதற்கு முன்னால் மண்ணெண்ணெயைத் திறந்துவிட்டால் குப்பென்று ஆளுயரத் தீ எழும்புமே, அந்தக் கதைதான். வாயுவின் சூடு எல்லை மீறி டர்பைன் வெந்துபோகும், அல்லது தீ அணைந்து என்ஜின் நின்றுவிடும். அதனால் நிமிடத்துக்கு 6,000 சுற்றை எட்டும்வரை த்ராட்டிலை அங்குலம் அங்குலமாகத்தான் நகர்த்த வேண்டும். உயரத்தில் ஒரு முறை அணைந்தால் மறுபடி பற்றவைப்பது பெரும்பாடு. கணினியில் இந்த விமானத்தை ஓட்டும் சிமுலேட்டர் ஆடியவர்களுக்குத் தெரியும், முதல் நாளே இரண்டு என்ஜினும் தீப்பிடித்திருக்கும்.

இந்த த்ராட்டில் அணிவகுப்பையே மாற்றியது. ஜெர்மன் போர் விமானிகள் நாலு விமானங்களாகப் பறப்பதில் பேர் போனவர்கள், பிற நாடுகள் அவர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டன. ஆனால் அணியில் இடம் பிடித்து நிற்க, த்ராட்டிலை நொடிக்கு நொடி கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஜெட்டில் அது முடியாது. அடால்ஃப் காலண்ட் தலைமையில் 1945-இல் மியூனிக்கிலிருந்து பறந்த ஜெட் பிரிவு, பழைய பாணிக்குத் திரும்பி மூன்று மூன்றாகப் பறந்தது. ஓடுதளத்தில் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் ஒரே நேரத்தில் ஓடி எழும்பவும் அது வசதி.

நேச நாட்டு விமானிகள் இதையெல்லாம் கவனிக்க அதிக நாள் எடுத்துக்கொள்ளவில்லை. மேலே துரத்திப் பிடிக்க முடியாது, சரி. ஜெட் எங்கேயாவது இறங்கித்தானே ஆக வேண்டும்? அதற்கு நீளமான ஓடுதளம் வேண்டும், அது வானத்திலிருந்து பளிச்சென்று தெரியும். எரிபொருள் அதிக நேரம் தாங்காது என்பதால் எப்போது திரும்பும் என்றும் கணக்கிடலாம். தளத்துக்கு மேலே போய்க் காத்திருந்தால் போதும்.

1944 அக்டோபர் 7 அன்று வடமேற்கு ஜெர்மனியின் ஆக்மர் தளத்துக்கு மேலே மஸ்டாங்கில் பறந்துகொண்டிருந்த அர்பன் ட்ரூ, கீழே இரண்டு மீ 262 விமானங்கள் ஓடுதளத்தில் ஓடத் தொடங்குவதைப் பார்த்தார். அவை எழும்பும்வரை பொறுத்திருந்து, சுமார் 4,500 மீட்டர் உயரத்திலிருந்து செங்குத்தாகப் பாய்ந்தார். இந்த இடத்தில் மேலே போட்ட கணக்கை நினைத்துப் பாருங்கள். கீழே பாய்ந்ததால் மஸ்டாங் இப்போது மணிக்கு 700 கிலோமீட்டரில் வருகிறது. ஜெட் அப்போதுதான் சக்கரத்தை மடக்கிக்கொண்டு 300-ஐ எட்டப் பார்க்கிறது. த்ராட்டில் ஏற்கெனவே முழுவதும் தள்ளியாயிற்று, கூட்ட இனி ஒன்றுமில்லை. முதல் விமானம் தீப்பற்றி வெடித்தது. இரண்டாவது விமானி இடப்பக்கம் ஏறித் திரும்பினார். குறைந்த வேகத்தில் திரும்புவது ஜெட்டுக்கு இன்னும் மோசம், திருப்பம் இருக்கிற வேகத்தையும் தின்றுவிடும். சில விநாடிகளில் அதுவும் போனது. ட்ரூவின் கேமரா அன்று வேலை செய்யவில்லை, அதனால் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் அவருக்கு உரிய பதக்கம் வந்து சேர்ந்தது.

அடுத்த மாதம் 6-ஆம் தேதி சக் யேகர் இறங்கிக்கொண்டிருந்த ஒரு மீ 262-ஐ இதே மாதிரி சுட்டார். ஒலிவேகத்தை முதலில் தாண்டினாரே, அதே யேகர்தான். 8-ஆம் தேதி ஆக்மர் ஜெட் பிரிவின் தலைவரான வால்டர் நொவோட்னியே இறந்தார். 258 விமானங்களை வீழ்த்தியதாகக் கணக்கு உள்ள மனிதர். அன்று அவருடைய ஓர் என்ஜின் நின்றுவிட்டது என்கிறார்கள். ஓர் என்ஜினோடு மெதுவாகத் தளத்துக்கு வரும் ஜெட்டின் நிலை என்ன என்று இனி விளக்க வேண்டியதில்லை. பரிசோதனைக்காக வந்திருந்த காலண்ட் அன்று அந்தத் தளத்திலேயே இருந்தார்.

ஜெர்மனியர்களின் பதில் விசித்திரமானது. ஜெட் விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் காவல் காக்க, புரொப்பெல்லர் விமானங்களான ஃபோக்கே-வுல்ஃப் 190-களை நிறுத்தினார்கள். ஓடுதளத்துக்குப் போகும் பாதை நெடுக விமான எதிர்ப்புப் பீரங்கிகளை வரிசையாக வைத்தார்கள். வருங்கால விமானத்துக்கு நேற்றைய விமானம் மெய்க்காப்பாளன்.

சரி, தப்பி மேலே ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அங்கேயும் ஒரு சிக்கல் காத்திருந்தது. மீ 262-இன் வேலை அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்களை வீழ்த்துவது. மூக்கில் நாலு 30 மில்லிமீட்டர் பீரங்கிகள். சில குண்டுகள் சரியாகப் பட்டாலே ஒரு பெரிய குண்டுவீச்சு விமானம் விழுந்துவிடும். ஆனால் அந்தப் பீரங்கியின் குண்டு கிளம்பும் வேகம் விநாடிக்கு 540 மீட்டர்தான், அந்தக் காலப் பீரங்கிகளில் இது குறைவு. 600 மீட்டருக்குள் போனால்தான் குறி படும். ஜெட் 800-இல் வருகிறது, குண்டுவீச்சு விமானம் 350-இல் போகிறது என்றால் நெருங்கும் வேகம் விநாடிக்கு 125 மீட்டர். 600 மீட்டரில் சுடத் தொடங்கி, மோதாமல் விலக 200 மீட்டரில் நிறுத்தினால், கையில் இருப்பது மூன்றே விநாடி. இலக்கைப் பார்த்து, குறி திருத்தி, சுட்டு, விலக வேண்டும். எதிரே இருந்து தாக்குவதானால் அந்த மூன்று விநாடியும் கிடையாது.

அதனால் அவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். குண்டுவீச்சு விமானங்களுக்குச் சுமார் 5 கிலோமீட்டர் பின்னால், 1,800 மீட்டர் மேலே இருந்து தொடங்குவார்கள். அங்கிருந்து சரிவாகப் பாய்ந்து, காவலுக்கு நிற்கும் மஸ்டாங்குகள் திரும்புவதற்குள் அவற்றினூடே கடந்துவிடுவார்கள். இலக்குக்கு ஒன்றரை கிலோமீட்டர் பின்னால், 450 மீட்டர் கீழே போனதும் மூக்கை வெடுக்கென்று மேலே இழுப்பார்கள். ஏறும்போது வேகம் கரையும். சமநிலைக்கு வரும்போது இலக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் இருக்கும், நெருங்கும் வேகம் மணிக்கு 150 கிலோமீட்டராகக் குறைந்திருக்கும். விநாடிக்கு 42 மீட்டர். இப்போது சுடுவதற்குப் பத்து விநாடி போல இருக்கிறது. உலகின் மிக வேகமான போர் விமானங்களில் ஒன்றை ஓட்டுகிறவர்கள், சுட வேண்டும் என்றால் வேகத்தை வீணடித்தாக வேண்டியிருந்தது. அப்படி வீணடித்த வேகத்தை ஜெட் மெதுவாகத்தான் திரும்பப் பெறும் என்பது மஸ்டாங் விமானிகளுக்குத் தெரியும். மேலே உயரத்தைக் கையிருப்பாக வைத்துக்கொண்டு, ஜெட் திரும்பும் அல்லது ஏறும் தருணத்துக்காக அவர்கள் காத்திருந்தார்கள்.

1945 மார்ச்சில் ஜெட்டுகளின் இறக்கைக்கடியில் பக்கத்துக்குப் பன்னிரண்டாக 24 சிறு ராக்கெட்டுகள் வந்தன. பீரங்கியைவிடத் தூரத்திலிருந்தே மொத்தமாக ஏவிவிடலாம், குறி துல்லியமாக இல்லாவிட்டாலும் பரந்து போய் ஏதோ ஒன்று பட்டுவிடும். நேரப் பற்றாக்குறைக்கு அதுதான் அவர்கள் கண்ட தீர்வு. அதற்குள் போர் முடிவுக்கு வந்துவிட்டது.

ஐந்து வருடம் கழித்து கொரியாவில் இரண்டு பக்கமும் ஜெட். 1950 நவம்பரில் சோவியத் விமானிகள் ஓட்டிய மிக்-15 விமானங்கள் சீன எல்லையிலுள்ள யாலு நதிக்கருகே தோன்றியபோது, நேரான இறக்கை கொண்ட அமெரிக்க ஜெட்டுகள் ஒரே நாளில் கிழடாகிவிட்டன. மிக்-15-இன் என்ஜின் பிரிட்டனின் ரோல்ஸ்-ராய்ஸ் நீன் என்ஜினைப் பார்த்துச் செய்தது. போர் முடிந்த கையோடு பிரிட்டன் அதை சோவியத்துக்கு விற்றிருந்தது, அதுவும் காசுக்கு! அமெரிக்கா அவசரமாக சேபர் விமானங்களை அனுப்பியது. மிக், சேபர் இரண்டின் இறக்கையும் 35 பாகை பின்னால் சாய்ந்தவை. ஒலிவேகத்தை நெருங்கும்போது வரும் அதிர்ச்சி அலைகளை அந்தச் சாய்வு தள்ளிப்போடும். இந்தக் கருத்தை அடால்ஃப் புஸ்மன் 1935-இல் ரோம் மாநாட்டிலேயே சொல்லியிருந்தார், அப்போது அதைக் கேட்டு யாரும் அலட்டிக்கொள்ளவில்லை.

இங்கே இருவரிடமும் வேகம் சமம், அதனால் சண்டை வேறு திசையில் போனது. மிக் இலகுவானது, நன்றாக ஏறும், சேபரால் எட்ட முடியாத உயரத்தில் நிற்கும். சேபர் பாய்ச்சலில் வலுவானது. அதன் பிந்தைய வகைகளில் வாலின் கிடைப்பகுதி முழுவதும் ஹைட்ராலிக் விசையால் நகரும், அதனால் ஒலிவேகத்தை ஒட்டியும் விமானி சொன்னபடி கேட்கும். மிக் விமானிகள் மேலே காத்திருந்து பாய்ந்து, சுட்டுவிட்டு, அந்த வேகத்திலேயே மறுபடி ஏறிவிடுவார்கள். சேபர் விமானிகள் அவர்களைக் கீழே இழுத்துவரப் பார்ப்பார்கள்.

சேபருக்கு எரிபொருள்தான் பெரிய தொல்லை. சியோல் பக்கத்துக் கிம்போ தளத்திலிருந்து யாலு வரை போய்வர வேண்டும், அங்கே நிற்கக் கிடைப்பது இருபது நிமிடம் போல. ஆரம்பத்தில் அந்த நேரத்தை நீட்ட, சிக்கனமாக மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தார்கள். மேலிருந்து மிக் பாயும்போது மெதுவாக இருக்கும் ஜெட்டின் கதிதான் நமக்குத் தெரியுமே. விரைவிலேயே முறையை மாற்றினார்கள். பதினாறு விமானங்களை நாலு நாலாகப் பிரித்து, ஐந்து நிமிட இடைவெளியில் அனுப்பினார்கள். ஒவ்வொரு நாலும் எரிபொருளைப் பார்க்காமல் முழு வேகத்தில் சுற்றும், அது தீரும்போது அடுத்த நாலு வந்துவிடும். வேகமே கையிருப்பு என்ற இந்தப் பாடத்தைப் பின்னால் சமன்பாடாக எழுதியவர் ஜான் பாய்டு. கொரியப் போரின் கடைசி மாதங்களில் சேபர் ஓட்டியவர். உந்துவிசையிலிருந்து தடையைக் கழித்து, வேகத்தால் பெருக்கி, எடையால் வகுத்தால், ஒரு விமானத்திடம் அந்தக் கணத்தில் ஏறவும் முடுக்கவும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரியும். அறுபதுகளில் தாமஸ் கிறிஸ்டி என்ற கணித நிபுணரோடு சேர்ந்து அவர் இதை விரிவாக்கினார். மேலே மீ 262-க்கும் மஸ்டாங்குக்கும் நாம் போட்டது தடையைக் கழிக்காத அதே கணக்குதான்.

ஆனால் சுட நேரமில்லை என்ற பிரச்சினை அப்படியே இருந்தது. சேபரில் ரேடார் தூரம் அளந்து சொல்லும் குறிபார்க்கும் கருவி வைத்தார்கள், அது உதவியது. மேலே எட்டாத உயரத்தில் நிற்கும் மிக்கை அதனாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. 1958-இல் தைவான் நீரிணைக்கு மேலே அதே காட்சி திரும்பியது. தைவானின் சேபர்களுக்கு மேலே, தங்களை யாரும் தொட முடியாது என்ற நம்பிக்கையில் சீன மிக்-17-கள் பறந்தன. செப்டம்பர் 24 அன்று அந்தச் சேபர்களில் சில, அமெரிக்கா புதிதாகக் கொடுத்திருந்த சைட்வைண்டர் ஏவுகணைகளைச் சுமந்திருந்தன. அதன் மூக்கில் இருந்த உணர்கருவி தேடியது ஜெட் என்ஜினின் பின்பக்கக் குழாயிலிருந்து வரும் சூட்டை. அந்த ஆரம்ப வகை பின்னாலிருந்து ஏவினால் மட்டுமே வேலை செய்யும். அன்று அது வேலை செய்தது. அந்தச் சண்டைகளில் ஏவிய ஏவுகணை ஒன்று வெடிக்காமல் ஒரு மிக் விமானத்தின் உடம்பில் செருகிக்கொண்டு சீனத் தளத்துக்கே போய்ச் சேர்ந்தது. அங்கிருந்து அது மாஸ்கோவுக்குப் போய், கழற்றி அளந்து, கே-13 என்ற பெயரில் சோவியத் ஏவுகணையாக மறுபிறவி எடுத்தது. பிறகு வந்த மிக்-21 விமானங்கள் இறக்கைக்கடியில் சுமந்தது அதைத்தான்.